பலகையில் மட்டும் இருப்பவர்கள்

கதிர்காமநாதன் எழுதுகிற ஏழுக்கு இடுப்பில் ஒரு சின்னக் கோடு இருக்கும். சங்கத்தின் மாடிக் கூடத்தில் சுவரோரம் கிடந்த நீள பெஞ்சிலிருந்து பார்த்தால் ஒன்றும் ஏழும் ஒரே மாதிரித் தெரிகின்றன என்று கண் மங்கிய அங்கத்தினர் ஒருவர் எப்போதோ குறைபட்டுக்கொண்டார். மறுநாளே கோடு வந்துவிட்டது. அதற்குப் பிறகு வீட்டுப் பால் கணக்கில்கூட அவருடைய ஏழு கோட்டோடுதான் நின்றது.

பினாங்கு குயின் தெருவில், கீழே மளிகை மொத்தக் கடையும் மேலே சங்கமுமாக இருந்த பழைய கடைவீடு அது. வடபகுதி ஊழியர் சிக்கனக் கூட்டுறவுச் சங்கம் என்று பெயர்ப்பலகை சொன்னது. நகராண்மைக் கழகத்தார், துறைமுகத்தார், பள்ளிக்கூட ஆசிரியர்கள், மருத்துவமனைத் தாதிகள் என்று பல இனத்தவரும் அங்கத்தினர்கள். மாடிப்படி ஏறி வருகிறவர்களின் மூக்கில் முதலில் மல்லியும் மிளகாயும் ஏறும். அப்புறம்தான் கண்ணில் கரும்பலகை படும்.

அந்தப் பலகை கதிர்காமநாதனின் பொறுப்பு. கதவு திறப்பதற்கு முன் பதிவேட்டை விரித்து முந்தைய நாள் தொகையைப் பார்ப்பார். புதிதாகச் சேர்ந்தவர்களைக் கூட்டி, விலகியவர்களைக் கழித்து, ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொள்வார். பதிவேட்டைப் பார்த்து நேரே பலகையில் எழுதமாட்டார். பாதி வழியில் யாராவது கூப்பிட்டால் இலக்கம் இடம் மாறிவிடும் என்ற பயம். காகிதத்திலிருந்து பலகைக்குப் போகும். பிறகு பலகையை வாய்விட்டுப் படித்துக்கொண்டே பதிவேட்டின் மேல் விரல் வைத்துச் சரிபார்ப்பார். அங்கத்தினர் எத்தனை பேர், பங்கு எவ்வளவு, சேமிப்பு எவ்வளவு, காத்திருக்கும் கடன் மனுக்கள் எத்தனை. மொத்தம் நான்கு வரி. கையைத் தட்டிச் சுண்ணப்பொடியை உதறிவிட்டுக் கதவைத் திறப்பார்.

இதில் வெளியே தெரியாத ஒரு வழக்கம் இருந்தது. அங்கத்தினர் யாராவது இறந்துபோனால் குடும்பத்துக்கு ஈமச் செலவுப் பணம் அன்றைக்கே போய்விடும். பதிவேட்டிலும் அன்றைக்கே சிவப்பு மையில் குறிப்பு ஏறிவிடும். பலகையில் மட்டும் அந்த ஒன்று குறையாது. பணம் வாங்க வருகிறவரிடம் கதிர்காமநாதன் மெல்லக் கேட்பார்: "காரியம் எப்ப வச்சிருக்கிறீங்க?" பதினாறு என்பார்கள் சிலர். அவரைப் போன்ற யாழ்ப்பாணத்தார் முப்பத்தொன்று, அந்தியேட்டி என்பார்கள். மலாய்க்காரர்களுக்கு நாற்பதாம் நாள் கெண்டூரி விருந்து, சீனர்களுக்கு நாற்பத்தொன்பது. எதைச் சொன்னாலும் பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வார். அந்த நாள் கழிந்த மறுநாள் காலையில்தான் பலகையில் ஒன்றைக் கழிப்பார்.

கணக்குத் தணிக்கைக்கு வந்த ஒருவர் ஒரு தடவை இதைப் பிடித்துவிட்டார். "பதிவேட்டுக்கும் பலகைக்கும் மூணு பேர் வித்தியாசம் வருதே, மிஸ்டர் நாதன்?"

"அந்த மூண்டு பேரும் பதிவேட்டிலே இல்லை சார். பலகையில் மட்டும் இருக்கினம்."

தணிக்கைக்காரர் அவர் முகத்தைப் பார்த்தார். ஓரத்துப் பென்சில் குறிப்பையும் பார்த்தார். அறிக்கையில் அதைப்பற்றி ஒன்றும் எழுதாமல் போய்விட்டார்.

*

தொண்ணூற்றொன்றாம் வருஷம் கணினி வந்தது. மேசைக்கு ஒன்றாக இரண்டு திரைகள். ஒன்று கதிர்காமநாதனுக்கு, மற்றது முகப்பில் இருந்த மஹ்பூபாவுக்கு. பிந்தித்தான் பலகை வந்தது. கறுப்புக் கண்ணாடிக்குள் சிவப்பு விளக்குப் புள்ளிகள் எரியும் நீளமான பெட்டி. கரும்பலகை இருந்த ஆணியிலேயே அதை மாட்டினார்கள்.

அது வேலை செய்த விதத்தைக் கதிர்காமநாதன் ஆசையாகத்தான் தெரிந்துகொண்டார். மூலையில் தட்டச்சுப் பலகை இல்லாத கணினி ஒன்று சும்மா இரைந்துகொண்டிருக்கும். அதை யாரும் தொட வேண்டியதில்லை. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அது தானாக அங்கத்தினர் கோப்பைத் திறந்து முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர் வரை போய்வரும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் ஓர் எழுத்து இருக்கும். A என்றால் நடப்பில் உள்ளவர், B என்றால் விலகியவர், M என்றால் இறந்தவர். மலாய்ச் சொற்களின் முதல் எழுத்துகள். A எத்தனை என்று எண்ணி, மற்ற தொகைகளையும் கூட்டி, சுவரோரமாகப் போன சாம்பல்நிறக் கம்பி வழியாகப் பலகைக்கு அனுப்பும். அடுத்த தடவை வேறு இலக்கம் வரும்வரை பலகை தனக்குக் கிடைத்ததைப் பிடித்து வைத்திருக்கும். நான்கு வரிகளுக்கும் கீழே ஐந்தாவதாக ஒரு வரி வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டிருக்கும்.

"அங்கிள், சுண்ணப்பொடி போயிடுச்சு, இனி உங்களுக்கு இருமல் நின்னுரும் பாருங்க," என்றாள் மஹ்பூபா. நின்றுதான் போனது. காலையில் முன்கூட்டி வரவும் வேண்டியிருக்கவில்லை. அதைப்பற்றி அவருக்கு ஒரு மனத்தாங்கலும் கிடையாது. இலக்கம் பிசகவே பிசகாது என்பதில் ஒரு நிம்மதிகூட இருந்தது.

பிசகியது வேறோர் இடத்தில். இறந்தவரின் குடும்பத்துக்குப் பணம் கொடுக்க வேண்டுமானால் முதலில் A-யை M ஆக்க வேண்டும். அப்படி ஆக்கினால்தான் பணச்சீட்டு அச்சாகும். ஆக்கினால் அடுத்த சுற்றில் பலகையிலும் ஒன்று குறைந்துவிடும். முன்பு தனித்தனியாக இருந்த இரண்டு காரியங்கள் ஒரே விசைக்குள் போய்விட்டன. பட்டர்வொர்த்திலிருந்து வந்த சீனப் பெண் ஒருத்தி தன் தகப்பனின் ஈமப் பணத்துக்காக முகப்பில் உட்கார்ந்திருந்தபோது அவள் தலைக்கு மேலேயே இலக்கம் சிமிட்டி மாறியது. அவள் பார்க்கவில்லை. கதிர்காமநாதன் பார்த்தார்.

பலகையைப் பொருத்திய கம்பெனிக்காரரிடம் ஒரு தடவை கேட்டார், A-க்கும் M-க்கும் நடுவில் இன்னொரு எழுத்து வைக்க முடியாதா என்று. வைக்கலாம் என்றார் அவர். எழுத்து வைப்பது பெரிய வேலை இல்லை. ஆனால் பலகை A-யை மட்டும்தான் எண்ணுகிறது. புது எழுத்தையும் எண்ணச் சொல்ல வேண்டும். பங்காதாயம், கடன், சந்தாப் பாக்கி என்று ஒவ்வொரு கணினி நிரலிலும் போய் அந்த எழுத்தை என்ன செய்வது என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். ஓர் இடத்தில் விட்டுப்போனாலும் கணக்கு உதைக்கும்.

செயலாளர் ராமதாஸ் செலவுத் தொகையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஒரு எழுத்துக்கு எண்ணூறு வெள்ளியா? ஏண்ணே, இருபத்தாறு எழுத்தையும் வாங்கினா நாம இந்தக் கட்டடத்தையே வித்துடணும்லா."

கதிர்காமநாதனும் சிரித்துவைத்தார். அன்றிலிருந்து யாரிடமும் "காரியம் எப்ப?" என்று கேட்பதை விட்டுவிட்டார்.

*

மறு வருஷம் அவருடைய மனைவி வள்ளிநாயகி இறந்துபோனாள். பள்ளிக்கூடத்தில் மதிய வகுப்பு முடித்துவிட்டு, தலையைச் சுற்றுகிறது என்று ஆசிரியர் அறையில் உட்கார்ந்தவள்தான். எழுந்திருக்கவில்லை. சங்கத்திலிருந்து எல்லாரும் கெலுகோர் வீட்டுக்கு வந்தார்கள். மஹ்பூபா பாயைப் பிரித்துப் போட்டு, வந்தவர்களுக்குக் காப்பி ஊற்றினாள். ராமதாஸ் வேனுக்கு ஏற்பாடு செய்தார்.

வள்ளிநாயகியும் அங்கத்தினர்தான். எண் 0884. சொல்லப்போனால் அந்த எண்ணைக் கொடுத்ததே கதிர்காமநாதன்தான். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிது. படிவத்தை நீட்டிய அந்த டீச்சரின் பெயர் நீளமாக இருந்ததால் பாஸ் புத்தகத்துக் கோட்டுக்குள் அடங்கவில்லை. "பரவாயில்லை, மிச்சத்தைக் கீழ்க்கோட்டிலே எழுதுங்கோ," என்று அவள் சொன்னதும், இவர் காது சிவந்ததும் பிறகு வீட்டில் வெகுகாலம் ஓடிய கதை. அன்றைக்கு அவளுக்குப் பின்னால் நின்றவர் பக்கிரிசாமி. நகராண்மைக் கழகத்தில் தண்ணீர்க் குழாய் வேலை. கையெழுத்துப் போட அவளிடம் பேனா கடன் வாங்கியவர். எண் 0885.

சாவுக்குப் பிறகு வேலைக்குத் திரும்பிய முதல் நாள், கதிர்காமநாதன் திரையில் 0884-ஐ வரவழைத்தார். பெயர், பிறந்த தேதி, பள்ளிக்கூடம். எதிரில் A. கையை எடுத்துக்கொண்டார். ஈமப் பணம் அவருக்கு உடனே தேவைப்படவில்லை. பணச்சீட்டு வேண்டாமென்றால் எழுத்தை மாற்றவும் அவசரமில்லை. இத்தனை பேருக்குச் செய்ததை, பிறகு செய்ய முடியாமல் போனதை, இவளுக்கு மட்டும் செய்ய வழி இருந்தது. அந்தியேட்டி வரைக்கும் அவள் பலகையில் இருக்கட்டும்.

துணைக்கு வந்து தங்கியிருந்த அக்கா நல்லம்மாவிடம் இதைச் சொன்னார். வீட்டில் விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த அக்கா திரும்பிப் பார்த்தாள்.

"எத்தனை பேரடா இப்ப பலகையிலே?"

"இரண்டாயிரத்து முன்னூற்றுப் பதினாறு."

"அவளோடயோ?"

"அவளோடதான்."

"அப்ப இருக்கட்டுமடா தம்பி. துடக்குக் கழியமுந்தி ஏன் அவளை எழும்பச் சொல்லவேணும்? அடுத்த வெள்ளி கடற்கரையிலே காரியம் முடியட்டும்."

தினமும் படி ஏறி வரும்போது மல்லி வாசனையைத் தாண்டியதும் அவர் கண் முதல் வரிக்குப் போகும். யாராவது சேர்ந்திருப்பார், யாராவது விலகியிருப்பார். 2,318 ஆகும், 2,315 ஆகும். கூடினாலும் குறைந்தாலும் அதில் அவள் ஒருத்தி இருந்தாள். அலுவலகத்தில் அவளுடைய எழுத்தைப்பற்றி யாரும் கேட்கவில்லை. அங்கத்தினர் நிலையை மாற்றுவது அவருடைய மேசை வேலை. ராமதாஸ் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அவர் ஒன்றை மறந்துபோனார். கரும்பலகைக் காலத்தில் சந்தா வராதவர்களின் பட்டியலை அவரே எழுதி மூலையில் ஊசி குத்தி வைப்பார். அதில் ஆஸ்பத்திரியில் கிடப்பவர் பெயர் வராது. செத்தவர் பெயர் வரவே வராது. அவர்களைத் தாண்டிப் போவதற்கு அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தாண்டிப் போகிறோம் என்றுகூட அவருக்குத் தோன்றியதில்லை. அந்த வேலையையும் இப்போது மூலையில் இரையும் கணினி செய்தது.

*

பக்கிரிசாமி பென்ஷன் வாங்கியதிலிருந்து காலை நேரத்தில் பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொள்வார். மின்விசிறி இருந்தது, ஓசிப் பத்திரிகை இருந்தது. பலகை வந்ததிலிருந்து அதுவும் இருந்தது. ஓடும் வரியில் வரும் அங்கத்தினர் எண்கள் எல்லாம் நான்கு இலக்கம். நான்கு நம்பர் லாட்டரியும் நான்கு இலக்கம். அவருக்கு அது போதும்.

அன்று புதன்கிழமை. முந்தைய நாள்தான் கல்வி இலாகாவிலிருந்து சம்பளப் பிடித்தக் கணக்கு டிஸ்கெட்டில் வந்திருந்தது. மஹ்பூபா காலையில் அதை உள்ளே ஏற்றினாள். டிஸ்கெட்டில் உள்ள எண்களை நிரல் அங்கத்தினர் கோப்போடு ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கும். A என்று இருந்து, பிடித்தம் வராத எண்ணுக்கு ஒரு குறி வைக்கும். பலகைக் கணினி அடுத்த சுற்றில் அந்தக் குறிகளைப் பொறுக்கி ஓடும் வரிக்கு அனுப்பும். இறந்தவருக்கு இலாகா சம்பளத்தை நிறுத்திவிட்டது. நிரலுக்கு மற்றது தெரியாது. மஹ்பூபா பட்டியலைத் திறந்து பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவையும் அதில் வைக்கப்படவில்லை.

முகப்பில் ஒரு பெண் புது அங்கத்தினர் படிவத்தோடு நின்றாள். நிபோங் திபாலிலிருந்து மாற்றலாகி வந்த தாதி, பெயர் ஜெயலெட்சுமி. மஹ்பூபா அவளுடைய அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்துருச்சுலா!" என்று பெஞ்சிலிருந்து பக்கிரிசாமி குரல் கொடுத்தார். மடியில் பத்திரிகை, கையில் பேனா. "சந்தா கட்டாத சாமிங்க எல்லாம் வரிசையா ஓடுறாங்க. அண்ணே, இந்த மாசம் எது அடிக்கும்னு சொல்லுங்க."

"உமக்கு அடிக்கிறது உம்முடைய மனுசி மட்டும்தான்," என்றார் கதிர்காமநாதன் தலையை நிமிர்த்தாமல்.

ஜெயலெட்சுமி சிரித்துவிட்டாள்.

"சிரிங்கம்மா சிரிங்க. போன மாசம் இதே போர்டுல பார்த்து எடுத்தேன், ஒரு நம்பர் தள்ளிப் போச்சு. ஒரே நம்பர்!" கண்ணைச் சுருக்கிக்கொண்டு உரக்கப் படித்தார். "இருபத்தொண்ணு நாப்பது. வேணாம், எனக்கு நாப்பது ஆகாது. பதினெட்டு சைபர் ஆறு. ம். சைபர் எட்டு எட்டு நாலு. ஆஹா! இது நம்ம பக்கத்து வீட்டு நம்பர்லா. நான் எண்பத்தஞ்சு, இது எண்பத்து நாலு. யாரு அது கடன்காரன், எனக்கு முன்னால நின்ன..."

அங்கே நின்றுவிட்டார். பேனா பத்திரிகை ஓரத்தில் முதல் இரண்டு இலக்கங்களை எழுதியிருந்தது. ஓடும் வரி இடப்பக்கம் போய் மறைந்து, வலப்பக்கம் மறுபடி முளைத்தது. சந்தா வரவில்லை என்று மலாயில் இரண்டு சொற்கள், பிறகு எண்கள். 0884 சிவப்பாக நடந்து வந்தது.

கதிர்காமநாதன் எழுந்து நின்று அதைப் பார்த்தார். எத்தனையோ வருஷம் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டியவள். பிரசவத்துக்குச் சம்பளமில்லா விடுப்பு எடுத்த காலத்தில் தானே படி ஏறி வந்து, "எனக்கு ஒரு சலுகையும் வேண்டாம்," என்று புருஷன் கையிலேயே காசைக் கொடுத்து ரசீது வாங்கியவள். அவளைப் பலகையில் வைத்திருக்கிறேன் என்று அவர் நினைத்திருந்தார். பலகை அவளை வேறு மாதிரி வைத்திருந்தது.

மஹ்பூபாவின் கண்கள் கலங்கிவிட்டன. "அங்கிள், நான் லிஸ்டைப் பார்க்கலை. காலையில ஏத்துனேன், அவ்வளவுதான்..."

"நீ என்னம்மா செய்வாய்? உன் பிழை இல்லை."

பக்கிரிசாமி முகப்புக்கு வந்துவிட்டார். சட்டைப் பையிலிருந்து மடித்த இருபது வெள்ளியை எடுத்து மேடையில் வைத்தார். "கதிரண்ணே, என் வாயில கொள்ளி வைக்க. இந்தாங்க, இந்த மாசத்த நான் கட்டிடுறேன். அன்னிக்கு அவங்க பேனா கொடுத்தாங்க எனக்கு. யார் கட்டினா என்ன, ரசீதுல அவங்க பேர் வரும்ல? அந்த நம்பர் ஓடாதுல்ல?"

ஓடாதுதான். அதுதான் தொல்லை. கதிர்காமநாதனுக்கு அது நன்றாகவே தெரியும். ரசீதுத் திரையில் எண்ணைப் போட்டு, தொகையைப் போட்டு, ஆம் என்று அழுத்தினால் குறி அழிந்துவிடும். அடுத்த சுற்றில் ஓடும் வரியிலிருந்து 0884 போய்விடும். முதல் வரியில் அவள் அப்படியே இருப்பாள். வெள்ளிக்கிழமை கடந்து, அவருக்கு விருப்பமான ஒரு நாள் வரைக்கும்.

பக்கிரிசாமியின் பணத்தை அவர் தொடவில்லை. தன் பணப்பையிலிருந்து இருபது வெள்ளியை எடுத்து மேசையில் வைத்தார். ரசீதுத் திரையைத் திறந்து 0884 அடித்தார். வள்ளிநாயகி கதிர்காமநாதன் என்று பெயர் வந்தது. தொகை. பணம் கொடுத்தவர் என்ற இடத்தில் கணினி தானாகவே அங்கத்தினர் பெயரைப் போட்டுக்கொண்டது. தேதி என்ற இடத்தில் தானாகவே இன்றைய தேதியைப் போட்டுக்கொண்டது. கீழே கேள்வி: ஆமா, இல்லையா. கேள்விக்குப் பக்கத்தில் சின்னக் கோடு சிமிட்டியது.

இன்றைய தேதியில், வள்ளிநாயகி வந்து, இருபது வெள்ளி கொடுத்தாள்.

அவர் அந்த வரியைப் படித்தார். பலகையைப் படிக்கிற பழக்கத்தில் உதடு அசைந்தது. இத்தனை காலம் இறந்தவர்களைப் பலகையில் நிறுத்தி வைத்தபோதும், பதிவேட்டில் அன்றைக்கே சிவப்பு மை ஏறியிருந்தது. எது உண்மை என்பது உள்ளே பத்திரமாக இருந்ததால்தான் வெளியே கொஞ்சம் தாமதிக்க முடிந்தது. இப்போது உள்ளேயும் வெளியேயும் ஒன்றுதான். பலகைக்கென்று தனியாக ஓர் இலக்கம் கிடையாது. பலகையில் வைக்க வேண்டுமென்றால் கோப்பிலேயே அவளை உயிரோடு வைக்க வேண்டும். அவள் கையால் பணம் கட்டவைக்க வேண்டும். மாதாமாதம்.

இல்லை என்ற விசையை அழுத்தினார். திரை வெறுமையானது. பணத்தை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"பக்கிரி, காசை எடும்."

"அண்ணே..."

"எடும் ஐயா. அவ யாருக்கும் பாக்கி வைக்கவில்லை. நான்தான் ஒரு வேலையைப் பாக்கி வைச்சிருக்கிறன்."

அங்கத்தினர் நிலைத் திரைக்குப் போனார். A-யின் மேல் கோட்டைக் கொண்டுபோய் நிறுத்தினார். M அடித்தார். இறந்த தேதி கேட்டது. கொடுத்தார். நிச்சயமா என்று கேட்டது. எல்லாருக்கும் கேட்பதுதான். ஆமா என்றார்.

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று அடிக்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. பதினொன்று ஆனதும் மூலையில் இருக்கும் கணினி அடுத்த தடவை கோப்பைத் திறக்கும். அவர் முகப்பைத் தாண்டிப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். அந்தப் பெஞ்சில் அவர் உட்கார்ந்ததே இல்லை. பக்கிரிசாமி நகர்ந்து இடம் கொடுத்தார். அங்கிருந்து பார்த்தால் பலகையில் ஒன்றும் ஏழும் தெளிவாகத்தான் தெரிந்தன.

2,316.

ராமதாஸ் அறையிலிருந்து வெளியே வந்தார். நடந்ததை யாரும் சொல்லாமலே புரிந்துகொண்டவர் போலக் கதவோரமாக நின்றுவிட்டார். மஹ்பூபாவின் விசைகள் மட்டும் மெல்ல ஒலித்துக்கொண்டிருந்தன. கையில் இருந்த வேலையை அவள் பழக்கத்தில் முடித்துக்கொண்டிருந்தாள். கதிர்காமநாதன் இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். குறையப்போகிறது. பதினாறு பதினைந்தாகும். அதைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும் என்று இருந்தது. பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டிய காரியம் அது.

பதினொன்று அடித்தது. மூலைக் கணினி கொஞ்சம் பலமாக இரைந்தது. பலகை ஒரு தடவை இருண்டு எரிந்தது.

ஓடும் வரியில் 1806-க்கு அடுத்து 0884 வரவில்லை.

முதல் வரியில் 2,316.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். 2,316-தான். பக்கிரிசாமியும் பார்த்தார். "அண்ணே, குறையலையே! மெஷின் கெட்டுப்போச்சா?" என்று மெதுவாகக் கேட்டார்.

மஹ்பூபா வாயில் கை வைத்தாள். "யா அல்லாஹ். அங்கிள், நான்தான். இப்பத்தான் இவங்களைச் சேர்த்தேன். நீங்க ஒண்ணு குறைச்சீங்க, நான் ஒண்ணு கூட்டிட்டேன். அது ரெண்டையும் சேர்த்துப் பார்த்துருச்சு."

ஆமாம். கரும்பலகையாக இருந்தால் அவர் அழித்து ஒன்றைக் குறைத்து எழுதியிருப்பார், பிறகு அழித்து ஒன்றைக் கூட்டி எழுதியிருப்பார். இது பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் கண்ணைத் திறக்கும். நடுவில் ஒருத்தி போனதும் ஒருத்தி வந்ததும் அதற்குத் தெரியாது. எண்ணினால் சரியாக இருந்தது.

மஹ்பூபா எழுந்து அவரிடம் வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அங்கிள், நான் இவங்க பேரை எடுத்துடறேன். பத்து நிமிஷம் கழிச்சு மறுபடி ஏத்துறேன். ஒரு தடவை குறைஞ்சு காட்டும். நீங்க பாருங்க."

முகப்பில் நின்ற ஜெயலெட்சுமிக்குப் பாதி புரிந்திருந்தது. "நான் வெயிட் பண்றேன், பரவால்ல. எனக்கு ரெண்டு மணிக்குத்தான் ட்யூட்டி," என்றாள்.

கதிர்காமநாதன் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பத்து நிமிஷம். அதனால் யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடாது. மாடிப்படியில் மல்லி வாசனை ஏறி வந்தது. வள்ளிநாயகி இருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்பது அவருக்கு யோசிக்காமலே தெரிந்தது. ஒரு சலுகையும் வேண்டாம்.

"வேண்டாமம்மா," என்றார். "உள்ளுக்கு வந்த பிள்ளையை ஏன் திரும்பி வெளியிலே நிற்கச் சொல்லவேணும்?"

எழுந்து தன் மேசைக்குப் போனார். பாஸ் புத்தகங்களை மட்டும் இன்னும் கையால்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு புதுப் புத்தகத்தைப் பிரித்து நடுவில் அழுத்திவிட்டார். "பேரைச் சொல்லும் பிள்ளை, முழுப்பேர்."

"ஜெயலெட்சுமி பெரியண்ணன். கொஞ்சம் நீளம் சார், கோட்டுல அடங்குமா தெரியல."

அவர் பேனா ஒரு கணம் நின்றது.

"மிச்சத்தைக் கீழ்க்கோட்டிலே எழுதலாம்," என்றார்.

எழுதினார். பெயருக்கு எதிரில் எண்: 4107. ஏழின் இடுப்பில் சின்னக் கோடு.

பெஞ்சிலிருந்து பக்கிரிசாமி கழுத்தை நீட்டினார். பத்திரிகை ஓரத்தில் பாதி எழுதியிருந்த எண்ணைக் கிழித்து எடுத்து மடியில் மடித்து வைத்திருந்தார். "அண்ணே, பாப்பாவோட நம்பர் என்னன்னு..." என்று ஆரம்பித்து, கதிர்காமநாதன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"கேளும், கேளும்," என்றார் கதிர்காமநாதன். "நாற்பத்தொன்று சைபர் ஏழு. ஏழு, ஒன்று இல்லை. பார்த்து எழுதும்."